பாதியில் நின்ற வீட்டு வேலை: முன்பணம் வாங்கிப் போன ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ் அனுப்புவது எப்படி

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் சித்தாள்களின் எண்ணிக்கை குறையும். மேஸ்திரி வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். சிமெண்ட் இன்று வரும், நாளை வரும் என்று பேச்சு ஓடும். பிறகு ஒரு மாலை நேரத்தில் டிரில் மெஷினும் கலவைத் தட்டுகளும் சாரக் கம்புகளும் வண்டியில் ஏறும். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டார் என்றே பொருள். அடுத்த வாரம் முதல் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள்.

பெரும்பாலான இடங்களில் பணம் எங்கே போகிறது என்பது ரகசியமல்ல. உங்கள் வீட்டு முன்பணத்தில் முந்தைய வீட்டின் கூலிப் பாக்கி தீர்கிறது. உங்கள் வீட்டு வேலையை முடிக்க அடுத்த வீட்டின் முன்பணம் வர வேண்டும். அது வராத மாதத்தில் சங்கிலி அறுந்து, நடுவில் இருக்கும் வீடு பெயர்த்த தரையோடு நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எழுதும் முதல் நோட்டீஸ் அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது: "நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள், கொடுத்த நான்கு லட்சத்தையும் ஏழு நாளில் திருப்பித் தராவிட்டால் போலீஸில் புகார் செய்வேன்." எழுதியவரின் வலி உண்மையானது. ஆனால் அந்தக் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய எதுவும் இல்லை. எவ்வளவு வேலை நடந்தது, எந்தத் தேதியில் நின்றது, ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கேட்கும் தொகை எப்படி வந்தது என்று நாளை நுகர்வோர் ஆணையத்தில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் அது மௌனமாக இருக்கிறது.

தனியார் ஒருவர் மீது இழப்பீட்டு வழக்குப் போட முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டக் கட்டாயம் கிடையாது. வழக்கறிஞரின் லெட்டர்ஹெட்டில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. நீங்களே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். பிறகு எதற்கு நோட்டீஸ் என்றால், சில வேலைகளை அது மட்டுமே செய்து தரும். அவற்றில் முதலாவது, ஒப்பந்தம் முடிந்த தேதியை உறுதிசெய்வது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 55 காலக்கெடுவைப் பற்றிப் பேசுகிறது. குறித்த தேதிக்குள் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பும் கருதியிருந்தால், தேதி தவறியவுடன் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படி இல்லையென்றால் தாமதத்துக்கு இழப்பீடுதான் கேட்கலாம். கட்டுமான ஒப்பந்தங்களில் காலம் பொதுவாக அத்தகைய உயிர்நாடி ஆகாது என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. காலநீட்டிப்பும் தாமதத்துக்கு வாரக் கணக்கில் அபராதமும் ஒப்பந்தத்திலேயே இருந்தால், தேதி தவறினாலும் வேலை தொடரும் என்று இரு தரப்பும் நினைத்திருந்தார்கள் என்றுதானே பொருள் என்பது அதன் போக்கு. ஆகவே "ஆகஸ்டு 31-க்குள் முடிப்பதாகச் சொன்னார், முடிக்கவில்லை, செப்டம்பர் 1 அன்று வேறு ஆளை வைத்துவிட்டேன்" என்பது ஆபத்தான வரிசை. "நான் முடிக்கத் தயாராகத்தான் இருந்தேன், இவர்தான் என்னை வெளியே தள்ளினார்" என்று ஒப்பந்ததாரர் பதில் மனு போட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று கதை திரும்பிவிடும்.

இதைத் தவிர்க்க, ஒரு நியாயமான கடைசித் தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தேதி தாண்டியதும் அவர் வேலையைக் கைவிட்டார் என்பது உங்கள் ஊகமாக இல்லாமல் ஆவணமாகிவிடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. "சார், என்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலோ குரல் பதிவு அனுப்பியிருந்தாலோ, அது பிரிவு 39 சொல்லும் மறுப்பு. அவகாசம் தராமலே ஒப்பந்தத்தை முடிக்கலாம். அந்தச் செய்தியை அழித்துவிடாமல் வைத்திருப்பது மட்டுமே உங்கள் வேலை.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. திருச்சியில் தொள்ளாயிரம் சதுர அடியில் ஒரு பழைய தனி வீடு. பொருளும் கூலியும் சேர்த்து 6,40,000 ரூபாய்க்குப் பேச்சு. கொட்டேஷன் ஒரே பக்கம்தான் என்றாலும் இனம் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது: மொட்டைமாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகச் சுருக்கித் தளம் போட 1,20,000, இரண்டு குளியலறைகளுக்கு 1,80,000, தரை டைல்ஸ் 1,30,000, வயரிங் 1,10,000, பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க 1,00,000. ஜூன் 5 தொடங்கி ஆகஸ்டு 31-க்குள் முடிக்க வேண்டும். குடும்பம் இதற்காகவே வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. தொடக்கத்தில் 1,50,000, இடிப்பு முடிந்ததும் 1,00,000, டைல்ஸும் வயரும் வாங்க என்று மீண்டும் 1,50,000 என நான்கு லட்சம் கைமாறிவிட்டது. ஜூலை 28-க்குப் பிறகு யாரும் வரவில்லை.

வீட்டுக்காரர் மனதில் இருக்கும் எண் நான்கு லட்சம். அதோடு புதிய ஒப்பந்ததாரர் மிச்ச வேலைக்குக் கேட்கும் 5,10,000-ஐயும் சேர்த்து ஒன்பது லட்சம் கேட்க வேண்டும் என்று தோன்றும். சட்டம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, அந்த நிலைக்குப் பணத்தால் கொண்டுவருவதுதான் பிரிவு 73-இன் நோக்கம். ஒழுங்காக முடிந்திருந்தால் இந்த வீட்டுக்கு 6,40,000 செலவாகியிருக்கும். இப்போது 4,00,000-உம் 5,10,000-உம் சேர்ந்து 9,10,000 செலவாகிறது. வித்தியாசம் 2,70,000. கேட்க வேண்டிய தொகை அதுதான்.

இதே எண்ணுக்கு இன்னொரு வழியாகவும் வரலாம், அதையும் நோட்டீஸில் காட்டுவது நல்லது. பொறியாளர் ஒருவர் வந்து நடந்த வேலையை மதிப்பிடுகிறார். மாடியில் தட்டோடு பெயர்த்துக் குப்பை அள்ளியதற்கு 30,000. குளியலறைகளில் பழையதை உடைத்துக் குழாய் பதித்திருக்கிறார்கள், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்யவில்லை, இதற்கு 75,000. சுவரை வெட்டி வயரிங் குழாயும் பெட்டிகளும் பதித்திருக்கிறார்கள், வயர் இழுக்கவில்லை, 50,000. கூடத்தின் தரையை உடைத்தது 10,000. வந்து இறங்கிய டைல்ஸ் 20,000. மொத்தம் 1,85,000. கொடுத்த நான்கு லட்சத்தில் இதைக் கழித்தால், வேலையாக மாறாத பணம் 2,15,000. மிச்ச வேலை பழைய விலைப்படி 4,55,000, புதியவர் கேட்பது 5,10,000, கூடுதல் 55,000. இரண்டையும் கூட்டினால் மீண்டும் 2,70,000. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நின்றால் கணக்கு சரி. நிற்காவிட்டால் ஏதோ ஒன்றை இரண்டு முறை சேர்த்திருக்கிறீர்கள். ஒன்பது லட்சம் கேட்பவர் தோற்பது வழக்கில் நியாயம் இல்லாததால் அல்ல. நடந்த வேலையை மறைக்கிறார் என்ற எண்ணத்தை அவரே உண்டாக்கிவிடுவதால்தான்.

இந்தக் கணக்கில் இரண்டு எல்லைகள் உண்டு. புதியவரின் கொட்டேஷன் பழைய தரத்துக்கே இருக்க வேண்டும். முன்பு பேசியது சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ், இப்போது போடுவது 110 ரூபாய் டைல்ஸ் என்றால் அந்த வித்தியாசம் உங்கள் விருப்பம், அவர் குற்றமல்ல. இரண்டாவது, தவிர்த்திருக்கக்கூடிய நட்டத்தை அவர் தலையில் கட்ட முடியாது. மொட்டைமாடித் தளம் பெயர்த்துக் கிடக்கிறது, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தார்ப்பாய் போட்டிருந்தால் அதன் செலவைக் கேட்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டு, கூரையில் ஓதம் இறங்கிச் சீலிங் பூச்சு உதிர்ந்த பிறகு அதையும் கேட்டால், நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்று பிரிவு 73-இன் விளக்கமே திருப்பிக் கேட்கும்.

வாடகை கேட்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஒப்பந்தம் பேசும்போதே, நீங்கள் வீட்டைக் காலி செய்து வாடகைக்குப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் கேட்கலாம். தெரியாத, தொலைதூர நட்டங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. "ஆகஸ்டு கடைசிக்குள் நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்று நீங்கள் அனுப்பிய ஒரு பழைய செய்தி இங்கே பல ஆயிரம் ரூபாய் பெறும். இதே பிரிவு 73-இன் கீழ், சட்டம் எழுதியவர்களே நம் வீட்டு வேலையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டை ஒப்பந்தப்படி இல்லாமல் பழுதுபார்த்தால், அதை ஒப்பந்தப்படி சரிசெய்ய ஆகும் செலவை வீட்டுக்காரர் வசூலிக்கலாம் என்று அந்த எடுத்துக்காட்டு சொல்கிறது. குழாய் தவறாகப் பதித்திருந்தால் அதைப் பெயர்த்து மறுபடி செய்யும் செலவும் 5,10,000-க்குள் வருவது இதனால்தான் செல்லும்.

எண்கள் எல்லாம் நிற்பது 1,85,000 என்ற மதிப்பீட்டின் மேல். அதைத்தான் ஒப்பந்ததாரர் முதலில் அடிப்பார். "நான் ஐந்து லட்சத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன், எனக்குத்தான் பாக்கி" என்பது இந்தத் தொழிலில் வழக்கமான பதில். புதிய மேஸ்திரி வந்து சுவரைப் பூசி மூடிவிட்டால், உள்ளே எத்தனை அடிக் குழாய் போயிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே நோட்டீஸுக்கும் புதிய ஆளுக்கும் நடுவே ஓர் அளவெடுப்பு நடந்தாக வேண்டும். அதற்கு அவரை எழுத்தில் அழைக்க வேண்டும். இந்த அழைப்பைப் பெரும்பாலான நோட்டீஸ்களில் நான் பார்த்ததில்லை. முழுக் கடிதத்திலும் அதிகப் பலன் தரும் வரி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. குறித்த நாளில் அவர் வந்தால் அளவுக் குறிப்பில் கையெழுத்து வாங்கலாம். வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்ற குறிப்போடு பொறியாளர் தனியாக அளந்து கையெழுத்திட்ட அறிக்கை தருவார். அக்கம்பக்கத்தவர் ஒருவரும் கையெழுத்திடுவது நல்லது. ஒவ்வொரு அறையிலும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, அளவு தெரியும்படி அருகிலிருந்து ஒன்று.

அவர் விட்டுப்போன பொருள்களையும் அன்றே பட்டியலிட வேண்டும். கலவைத் தட்டு, இரும்புச் சட்டி, நான்கு சாரக் கம்பு என்று அற்பமாகத் தெரியும். ஆனால் பாக்கிக்கு ஈடாக அவற்றை விற்றுவிட்டீர்கள் என்று அவர் ஒரு புகார் கொடுத்தால் நியாயம் இரண்டு பக்கமும் போய்விடும். ஒரு மூலையில் அடுக்கி, எடுத்துச்செல்லும்படி எழுதிவிடுங்கள்.

கடிதத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புவது சிறந்தது. முதல் கடிதம் வேலைக்குத் திரும்ப அழைக்கிறது, அளவெடுப்புத் தேதி சொல்கிறது. தொகை கேட்பதில்லை. இரண்டாவது கடிதம் ஒப்பந்தத்தை முடித்துத் தொகை கேட்கிறது. "வேலையையும் முடி, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு" என்று ஒரே மூச்சில் கேட்டால், ஒப்பந்தம் தொடர்கிறதா முடிந்ததா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். நம் திருச்சி வீட்டுக்காரரின் முதல் கடிதம் இப்படி இருக்கலாம்:

"தாங்கள் எனது வீட்டின் புதுப்பிப்பு வேலையைத் தங்கள் மே 28 தேதியிட்ட கொட்டேஷன்படி ரூ. 6,40,000-க்கு ஏற்று ஜூன் 5 அன்று தொடங்கினீர்கள். ஆகஸ்டு 31-க்குள் முடித்துத் தர ஒப்புக்கொண்டீர்கள். ஜூன் 4 அன்று ரூ. 1,50,000, ஜூன் 24 அன்று ரூ. 1,00,000, ஜூலை 11 அன்று ரூ. 1,50,000 ஆக மொத்தம் ரூ. 4,00,000 தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். ஜூலை 28-க்குப் பிறகு தாங்களோ தங்கள் ஆட்களோ வேலைக்கு வரவில்லை. ஆகஸ்டு 3, 9, 17 தேதிகளில் நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. கொட்டேஷனில் இல்லாத கூடுதல் வேலையாகச் சமையலறையில் ஒரு அலமாரித் தட்டு மட்டும் கேட்டிருந்தேன், அது தொடங்கப்படவில்லை.

செப்டம்பர் 20-க்குள் போதிய ஆட்களுடனும் பொருள்களுடனும் வேலையை மீண்டும் தொடங்கித் தொடர்ந்து நடத்துமாறு கோருகிறேன். இந்த வேலையைப் பொறுத்தவரை இனி இந்தத் தேதியே இறுதியானது. தவறினால் தாங்கள் ஒப்பந்தத்தைக் கைவிட்டதாகக் கொண்டு அதை முடித்துக்கொள்வேன். அவ்வாறு நேர்ந்தால், செப்டம்பர் 21 காலை 11 மணிக்குப் பொறியாளர் முன்னிலையில் இதுவரை நடந்த வேலை அளவிடப்படும். தாங்கள் நேரிலோ பிரதிநிதி மூலமோ வந்து கலந்துகொள்ளலாம். வராவிட்டால் தாங்கள் இல்லாமலே அளவிடப்படும். தாமதத்தால் எனக்கு ஏற்பட்ட இழப்புக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமலே இந்த அவகாசம் தருகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர் 19-ஆம் தேதி திடீரென்று ஆட்களோடு வந்து நின்றால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள், ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தாமதமான வேலையை ஏற்கும்போது, இழப்பீடு கேட்கப்போவதாக அந்த நேரத்திலேயே அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்று பிரிவு 55-இன் கடைசிப் பகுதி சொல்கிறது. "ஏழு நாளுக்குள்" என்று எழுதாமல் நாட்காட்டித் தேதியை எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஏழு நாள் என்றால் அனுப்பிய நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா என்ற விவாதம் வரும்.

அலமாரித் தட்டைப் பற்றிய வரி தேவையா என்று தோன்றலாம். நீங்கள் கூடுதலாகக் கேட்டதோ தவறவிட்டதோ எதுவும் இருந்தால் அதை நீங்களே சொல்லிவிடுவது பாதுகாப்பு. டைல்ஸ் தேர்வு செய்ய நீங்கள் மூன்று வாரம் எடுத்திருந்தாலோ, பேசிய ஒரு தவணையை நிறுத்தி வைத்திருந்தாலோ, அவர் பதிலில் முதல் பத்தி அதுவாகத்தான் இருக்கும். தவணையைத் தராததால்தான் வேலை நின்றது என்று காட்ட முடிந்தால், பிரிவு 54-இன்படி தவறு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். நோட்டீஸ் எழுதும் முன் இந்தக் கேள்வியை உங்களை நீங்களே கடுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி தாண்டி அளவெடுப்பும் முடிந்தது என்றால் இரண்டாவது கடிதம். பொறியாளர் அறிக்கையின் நகல், புதியவரின் கொட்டேஷன் நகல் இரண்டையும் இணைக்க வேண்டும்:

"செப்டம்பர் 20-க்குள் தாங்கள் வேலைக்குத் திரும்பாததால் ஒப்பந்தம் அன்றுடன் முடித்துக்கொள்ளப்பட்டது. நடந்த வேலையின் மதிப்பு ரூ. 1,85,000. தாங்கள் பெற்ற தொகையில் வேலையாகாதது ரூ. 2,15,000. மிச்ச வேலையை அதே தரத்தில் முடிக்க ஆகும் கூடுதல் செலவு ரூ. 55,000. இந்த ரூ. 2,70,000-ஐயும், செப்டம்பர் முதல் வேலை முடியும் வரை நான் செலுத்தும் மாத வாடகை ரூ. 9,000-ஐயும் அக்டோபர் 15-க்குள் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் அத்தேதி முதல் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியும் கோருவேன். தளத்தில் உள்ள தங்கள் பொருள்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது. அவற்றை அக்டோபர் 10-க்குள் எடுத்துச்செல்லவும்."

வட்டி வரி அலங்காரம் அல்ல. எழுத்தில் தேதி குறித்த கடனாக இல்லாத தொகைகளுக்கு, வட்டி கேட்கப்படும் என்று எழுத்தில் அறிவித்த தேதியிலிருந்து வழக்குத் தொடரும் வரை வட்டி தரலாம் என்று வட்டிச் சட்டம், 1978, பிரிவு 3 கூறுகிறது. அறிவிக்காவிட்டால் அந்தக் காலத்துக்கான வட்டியை இழக்க நேரிடும். சதவீதத்தை முடிவுசெய்வது நீதிமன்றம்தான்.

அடுத்து, யாருக்கு அனுப்புவது. பலகையில் ஏதோ ஒரு பில்டர்ஸ் என்று இருக்கும். தனி ஆள் நடத்தும் கடை என்றால் அந்தப் பெயருக்குச் சட்டப்படி தனி உயிர் இல்லை. உரிமையாளரின் சொந்தப் பெயரை எழுதி, இன்ன பெயரில் தொழில் நடத்துபவர் என்று சேர்க்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைத் தேடி உண்மைப் பெயரைக் காணலாம். உங்கள் வங்கி அறிக்கையில் பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். மனைவி கணக்குக்கோ மேஸ்திரி கணக்குக்கோ அனுப்பச் சொல்லியிருந்தால், "தாங்கள் சொன்னபடி இன்னார் கணக்குக்கு அனுப்பியது" என்று எழுதி, அப்படிச் சொன்ன செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்ததை நிறுவுவது கடினம். அங்கே நோட்டீஸ் வேறு விதத்தில் உதவுகிறது. நான்கு லட்சம் கொடுத்தேன் என்று நீங்கள் எழுத, "நான்கு லட்சம் வாங்கினேன், ஆனால் ஐந்து லட்சத்துக்கு வேலை செய்தேன்" என்று அவர் கோபத்தில் பதில் எழுதினால், பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

பதிவுத் தபால் சேவை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பும்போதே, கூடுதல் கட்டணம் கட்டி முகவரிதாரரிடமே தரும் பதிவு வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். அவருடைய வீடு, அலுவலகம் இரண்டுக்கும் அனுப்புங்கள். அதே நாளில் கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதித் திருப்பினாலும் நீங்கள் அனுப்பியது செல்லும். ஆனால் "அந்த முகவரியில் இல்லை" என்று திரும்பினால் அது பலவீனம், வேறு முகவரி தேட வேண்டும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காதீர்கள். அப்படியே ஆணையத்தில் கொடுக்க வேண்டிய சான்று அது.

போலீஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். ஏமாற்றுதல் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-இன் கீழ் வருகிறது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், பிறகு வாக்குத் தவறியது மட்டும் ஏமாற்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஹிருதய ரஞ்சன் வழக்கில் சொன்னதைப் பின்னர் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கிறது. இரண்டு மாதம் வேலை பார்த்து, குழாய் பதித்து, பிறகு போனவர் மீது அந்த எண்ணத்தை நிறுவுவது கடினம். போலி பில் கொடுத்தவர், ஒரே மாதத்தில் பல வீடுகளில் முன்பணம் வாங்கி எங்கும் ஒரு செங்கல்கூட வைக்காதவர் என்றால் கதை வேறு. நோட்டீஸில் மிரட்டல் வரி வேண்டாம். அவர் படத்தைப் போட்டு முகநூலில் எழுதுவதும் வேண்டாம்.

பணம் வராவிட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டும் பணி நுகர்வோர் சட்டத்தில் சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போதைய 2019 சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நம் திருச்சி வீடு செலுத்தியது நான்கு லட்சம், ஆகவே இலவசம். உத்தரவுக்கு எதிராக ஒப்பந்ததாரர் மேல்முறையீடு செய்ய விரும்பினால், செலுத்தச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். இது சிவில் நீதிமன்றத்தில் எளிதில் கிடைக்காத வசதி. காலக்கெடு இங்கே இரண்டு ஆண்டு, சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு. நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்புவதால் இந்தக் காலம் நீளாது. அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் சிவில் வழக்குக்குக் காலம் புதிதாகத் தொடங்கும்.

உத்தரவு கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. சொந்தமாக ஒரு பைக்கும் டிரில் மெஷினும் மட்டும் வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் 2,70,000 ரூபாயை வசூலிக்க ஆண்டுகள் ஆகலாம். ஆணையத்தின் உத்தரவை மீறினால் சிறைத் தண்டனை வரை சட்டம் இடம் தருகிறது, அந்த அழுத்தத்தில்தான் பலர் பணத்தைக் கட்டுகிறார்கள். அதனால் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அவர் "ஒன்றரை லட்சம் தருகிறேன், மூன்று தவணையில்" என்று வந்தால், கோபத்தை ஒதுக்கிவிட்டு யோசியுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசமாக இலவசமாகவே இதை முடித்துக்கொள்ளலாம். வெளியே முடிப்பதாக இருந்தால், எவ்வளவு தொகைக்கு எந்தக் கணக்கில் தருகிறார் என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், ஒவ்வொரு தவணைக்கும் தேதியிட்ட காசோலையும் வாங்குங்கள். ஒரு தவணை தவறினால் முழு 2,70,000-உம் மீண்டும் உயிர்பெறும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். காசோலை திரும்பினால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அது அவருக்குக் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம் தந்து, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன் கீழ் புகார் செய்ய வேண்டும். அந்த நோட்டீஸின் 30 நாள், இந்த விவகாரத்தில் நீங்கள் தவறவிடக் கூடாத காலக்கெடுக்களில் மிகக் குறுகியவற்றுள் ஒன்று.